போனில் புளூடூத் 4.2, நெக்பேண்டில் 5.3: சேருமா, சேராதா?

சேரும். பாட்டு கேட்கலாம், போன் பேசலாம். கடையில் "5.3 ஹெட்செட் உங்க பழைய போனுக்கு செட் ஆகாது" என்று சொன்னால் நம்ப வேண்டாம். தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் என் அத்தையிடம் இப்படிச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் போன் 2017-இல் வாங்கியது, ஆண்ட்ராய்டு 7, புளூடூத் 4.2. ஓசூரில் வேலை பார்க்கும் அவர் மகன் வாங்கிக் கொடுத்த நெக்பேண்டின் டப்பாவில் 5.3 என்று பெரிதாகப் போட்டிருந்தது. இப்போது அந்த இரண்டும் பாலக்கோட்டில் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அதை எப்படிச் செய்தேன் என்பதையும், எண்ணைப் பார்த்து ஏன் பயப்பட வேண்டியதில்லை என்பதையும் எழுதுகிறேன்.

அந்த எண் எதைச் சொல்கிறது

புளூடூத் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு ரேடியோ முறைகள் இருக்கின்றன. முதலாவது, ஆரம்பத்திலிருந்தே உள்ள கிளாசிக். பாட்டும் போன் பேச்சும் போவது இதில்தான். இரண்டாவது 2010-இல் 4.0-உடன் வந்த லோ எனர்ஜி, சுருக்கமாக எல்இ. வாட்ச், பிட்னஸ் பேண்ட், எடை மெஷின் போன்ற, கொஞ்சமாகத் தகவல் அனுப்பும் பொருள்களுக்காக வந்தது.

2016 கடைசியில் 5.0 வந்தபோது "இரண்டு மடங்கு வேகம், நான்கு மடங்கு தூரம்" என்று எல்லா விளம்பரத்திலும் போட்டார்கள். அந்த இரண்டும் எல்இ பக்கத்துக்கு மட்டும் வந்தவை. அதிலும் இரண்டையும் ஒரே நேரத்தில் பெற முடியாது. பாட்டு போகும் கிளாசிக் பக்கத்தின் வேகம் 2004-இல் 2.0 வந்தபோது கூடியது, அதற்கப்புறம் பெரிதாக மாறவில்லை. தர்மபுரிக்கு வெளியே நான்கு வழிச்சாலை போட்டாலும் டவுன் பஸ் ஊருக்குள் பழைய ரோட்டில்தானே போகிறது, அதுபோல.

இரண்டு கருவிகள் இணையும்போது தங்களுக்கு என்னென்ன வசதி தெரியும் என்ற பட்டியலை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். இரண்டுக்கும் பொதுவாக உள்ளதை மட்டும் பயன்படுத்தும். அதனால்தான் 5.3 நெக்பேண்ட், 4.2 போனிடம் அந்தப் போனுக்குத் தெரிந்த மொழியிலேயே பேசிவிடுகிறது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: 5.3 என்று டப்பாவில் போட்டால் அந்தப் பதிப்பின் எல்லா வசதியும் உள்ளே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பல வசதிகள் விருப்பத்துக்கு உரியவை. வெறும் எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

படி 1: உங்கள் போனைப் பாருங்கள்

பெரும்பாலான போன்களில் செட்டிங்ஸுக்குள் புளூடூத் பதிப்பு எண் இருக்காது. அதைக் காட்டுவதற்கென்று தனி ஆப் போட வேண்டாம், அவற்றில் பாதி விளம்பரம்தான். போனின் மாடல் பெயரை ஜிஎஸ்எம்அரீனா தளத்தில் தேடினால், புளூடூத் என்ற வரியில் இப்படி இருக்கும்:

```
4.2, A2DP, LE
```

இதில் எண்ணை விட முக்கியம் A2DP. ஸ்டீரியோ பாட்டை அனுப்பும் வசதியின் பெயர் அது. அது இருந்தால் இன்று கடையில் கிடைக்கும் சாதாரண புளூடூத் ஹெட்போன் எதுவும் பாடும். பழைய பட்டன் போன் வைத்திருப்பவர்கள் கண்டிப்பாக இதைப் பாருங்கள். சில பட்டன் போன்களில் புளூடூத் இருக்கும், A2DP இருக்காது. அப்படிப்பட்ட போனில் பேச்சு மட்டும் ஹெட்செட்டுக்குப் போகும், பாட்டு போகாது.

படி 2: பேரிங் மோடுக்குக் கொண்டு வாருங்கள்

ஆன் செய்வதும் பேரிங் மோடும் வேறு வேறு. புதிய போனோடு இணையக் காத்திருக்கும் நிலைதான் பேரிங் மோடு. நெக்பேண்ட் என்றால் பவர் பட்டனை விடாமல் அழுத்தி, விளக்கு இரண்டு நிறத்தில் மாறி மாறி மின்னும்வரை பிடிக்க வேண்டும். இயர்பட்ஸ் என்றால் பெட்டியைத் திறந்தாலே போதும், அல்லது பெட்டியில் உள்ள பட்டனை அழுத்த வேண்டும்.

இங்கே ஒரு விஷயம். ஹெட்செட்டை முதலில் வேறு போனில் இணைத்திருந்தால், ஆன் ஆனவுடன் அது அந்தப் போனைத்தான் தேடிப் போகும். அத்தை வீட்டில் அதுதான் நடந்தது. மகன் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தன் போனில் இணைத்திருக்கிறார். அவர் ஊருக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நெக்பேண்ட் அவர் போனோடு ஒட்டிக்கொண்டது, அத்தை போனின் பட்டியலில் பெயரே வரவில்லை. மகன் போனில் புளூடூத்தை அணைத்துவிட்டு மறுபடி பேரிங் மோடு போட்டதும் பெயர் வந்தது. கடையில் "செட் ஆகாது" என்று சொல்வதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். டெமோ பீஸ் கடைக்காரர் போனோடு ஏற்கெனவே இணைந்திருக்கும்.

படி 3: பட்டியலில் சரியான பெயரைத் தொடுங்கள்

எனக்கு நேரம் போனது இதில்தான். அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

அத்தை போனில் ஸ்கேன் செய்தபோது நெக்பேண்டின் பெயர் இரண்டு முறை வந்தது. ஒன்று வெறும் பெயர். இன்னொன்று அதே பெயருக்கு முன்னால் LE_ என்று ஒட்டியிருந்தது. சில கம்பெனி ஹெட்செட்டுகளில் இரண்டு பெயரும் ஒரே மாதிரியே வரும், பக்கத்தில் உள்ள சின்னம் மட்டும் வேறாக இருக்கும். ஒன்றில் ஹெட்போன் படம், இன்னொன்றில் வெறும் புளூடூத் குறி.

இந்த LE_ என்பது, நான் மேலே சொன்ன எல்இ பக்கத்தின் கதவு. கம்பெனியின் ஆப், சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதற்கும் ஈக்வலைசர் மாற்றுவதற்கும் இந்தக் கதவைப் பயன்படுத்துகிறது. புதிய போன்கள் இரண்டும் ஒரே கருவி என்று புரிந்துகொண்டு ஒரே பெயராகக் காட்டும். பழைய ஆண்ட்ராய்டு சிலவற்றுக்கு அது தெரியாது, தனித்தனியாகக் காட்டிவிடும்.

LE_ பெயரைத் தொட்டால் பேரிங் ஆகும், "கனெக்டட்" என்றுகூட வரும். ஆனால் பாட்டைப் போட்டால் போன் ஸ்பீக்கரில்தான் பாடும். இதைப் பார்த்துத்தான் பலரும் "பழைய போன், அதான் சத்தம் வரலை" என்று முடிவுக்கு வருகிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? இணைந்த பெயரின் பக்கத்தில் உள்ள பல்சக்கரக் குறியைத் தொடுங்கள். உள்ளே `Phone audio`, `Media audio` என்று இரண்டு வரிகள் இருக்க வேண்டும், இரண்டிலும் டிக் இருக்க வேண்டும். இந்த வரிகளே இல்லையென்றால் நீங்கள் இணைந்திருப்பது எல்இ பெயரோடு.

சரிசெய்ய, அதே திரையில் `Forget` கொடுங்கள். இரண்டு பெயரையும் இணைத்திருந்தால் இரண்டையும் நீக்குங்கள். போனில் புளூடூத்தை ஒருமுறை அணைத்துப் போட்டு, ஹெட்செட்டை மறுபடி பேரிங் மோடில் வைத்து, LE_ இல்லாத பெயரை, அல்லது ஹெட்போன் படம் உள்ளதைத் தொடுங்கள். அத்தை போனில் உடனே `Media audio` வரி வந்தது, பாட்டும் காதில் வந்தது.

சோதிக்கும்போது யூடியூபில் சோதிக்காதீர்கள். எங்கள் பக்கம் நெட் திணறினால் ஹெட்செட் திணறுகிறதா நெட் திணறுகிறதா என்று தெரியாது. போனிலேயே உள்ள ஒரு பாட்டை விஎல்சியில் போட்டுப் பாருங்கள்.

படி 4: ஆப் வேண்டுமா?

என் கருத்து, பழைய போனில் வேண்டாம். ஹெட்செட் பாடுவதற்கு ஆப் தேவையே இல்லை. கம்பெனி ஆப்கள் பல, குறிப்பிட்ட ஆண்ட்ராய்டு பதிப்புக்குக் கீழே இன்ஸ்டால் ஆகாது. ஈக்வலைசர் மாற்ற வேண்டுமானால் வீட்டில் உள்ள புதிய போனில் ஆப்பைப் போட்டு ஒருமுறை மாற்றிவிடுங்கள். பல மாடல்களில் அந்த மாற்றம் ஹெட்செட்டுக்குள்ளேயே பதிந்துவிடும்.

ஆண்ட்ராய்டு 6-லிருந்து 11 வரை உள்ள போனில் ஆப் போட்டே ஆக வேண்டும் என்றால், லொகேஷனை ஆன் செய்து அனுமதியும் கொடுங்கள். அந்தப் பதிப்புகளில் எல்இ கருவியைத் தேட அந்த அனுமதி கட்டாயம். கொடுக்காவிட்டால் ஆப் "கருவி எதுவும் இல்லை" என்றே சொல்லிக்கொண்டிருக்கும், பாட்டு மட்டும் நன்றாகப் பாடும்.

பழைய போனில் எது கிடைக்காது

பாட்டைக் கூடுதல் தரத்தில் அனுப்பும் எல்டேக் முறை உண்டு என்று டப்பாவில் போட்டிருந்தால், ஆண்ட்ராய்டு 8-க்கு முந்தைய போனில் பொதுவாக அது வேலை செய்யாது. எல்லாக் கருவியிலும் கட்டாயம் உள்ள எஸ்பிசி முறைக்கு இறங்கிவிடும். பஸ் இரைச்சலில் அந்த வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. ஐபோனில் எல்டேக் கிடையாது, எஸ்பிசியும் ஏஏசியும்தான்.

5.2-இல் வந்த எல்இ ஆடியோதான் நிஜமான புது விஷயம். பாட்டையே எல்இ பக்கத்தில் அனுப்பும் முறை அது. அதற்குப் போனின் சிப், போனின் மென்பொருள், ஹெட்செட் மூன்றும் ஒத்துழைக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் 13-லிருந்துதான் வந்தது. பழைய போனில் கிடைக்காது. ஆனால் எல்இ ஆடியோ உள்ள ஹெட்போன்கள் பெரும்பாலும் கிளாசிக் முறையையும் வைத்திருப்பதால் பாட்டு நிற்காது.

ஒரே நேரத்தில் இரண்டு போனோடு இணையும் மல்டிபாயிண்ட் வசதிக்கும் போனின் பதிப்புக்கும் சம்பந்தமில்லை. அது முழுக்க ஹெட்செட்டின் வேலை.

பிறகு சேர்த்தது: சத்தம் குறைவாக இருக்கிறது

கிருஷ்ணகிரியிலிருந்து ஒருவர் கமெண்டில் கேட்டிருந்தார். எல்லாம் இணைந்துவிட்டது, வால்யூமை முழுக்க வைத்தாலும் சத்தம் மெல்லியதாக இருக்கிறது என்றார். ஆண்ட்ராய்டு 6-லிருந்து போனின் வால்யூமும் ஹெட்செட்டின் வால்யூமும் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கின்றன. சில பழைய போன், புதிய ஹெட்செட் ஜோடிகளில் இந்த இணைப்பு சரியாக வராது. `About phone` உள்ளே `Build number` என்பதை ஏழு முறை தட்டினால் `Developer options` திறக்கும். அதில் `Disable absolute volume` என்பதை ஆன் செய்து, புளூடூத்தை அணைத்துப் போடுங்கள். இனி போனில் தனி வால்யூம், ஹெட்செட் பட்டனில் தனி வால்யூம். இரண்டையும் கூட்டிக்கொள்ளலாம். முதலில் குறைவாக வைத்துவிட்டுக் கூட்டுங்கள், காதுக்குள் திடீரென்று அலறும். சில போன்களில் இந்த வரி இருக்காது. அப்போது ஹெட்செட்டின் சொந்த பட்டனில் கூட்டிப் பார்ப்பதுதான் வழி.

இன்னொரு கேள்வி: காது கேட்கும் கருவி

தாத்தாவுக்குப் புதிதாக வாங்கும் காது கேட்கும் கருவி பழைய போனோடு சேருமா என்று ஒருவர் கேட்டார். இதற்கு மட்டும் நான் மேலே சொன்ன "சேரும்" பொருந்தாது. பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக, அவற்றில் பல எல்இ பக்கத்தில் மட்டுமே சத்தத்தை வாங்கும், கிளாசிக் இருக்காது. வாங்குவதற்கு முன் கம்பெனியின் தளத்தில் எந்தெந்தப் போனோடு வேலை செய்யும் என்ற பட்டியலைப் பாருங்கள். முடிந்தால் அந்தப் போனையே கடைக்கு எடுத்துப் போய், ஒரு அழைப்பு பேசிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.