ஒப்பந்தம் என்று வரும் ஜிப் கோப்பைத் திறப்பதற்கு முன்

நிலாவெளியில் தன் யூடியூப் சேனலுக்காகக் கடல் வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர் போன மாதம் எனக்கு ஒரு மின்னஞ்சலை அனுப்பி, "அண்ணா, இது உண்மையா?" என்று கேட்டார். கேமரா பை விற்கும் ஒரு நிறுவனத்தின் பெயரில் வந்திருந்தது. புறாத்தீவு வீடியோவைப் பாராட்டிவிட்டு, விளம்பர ஒப்பந்தத்தை ஜிப் கோப்பாக இணைத்திருப்பதாகவும் கடவுச்சொல் கீழே இருப்பதாகவும் எழுதியிருந்தார்கள்.

முதலில் அனுப்பியவரின் பெயரைத் தட்டி முழு முகவரியைப் பாருங்கள். @ குறிக்குப் பின்னால் நிறுவனத்தின் தளப் பெயர் அப்படியே இருக்க வேண்டும். நடுவில் கோடு போட்டு "collab", "media" என்று ஒட்டியிருந்தால் அந்த நிறுவனத்தின் தளத்துக்கே போய், அங்குள்ள முகவரிக்கு எழுதிக் கேளுங்கள்.

அடுத்ததுதான் பலர் மாட்டும் இடம். ஜிப்புக்கு ஏன் கடவுச்சொல்? மின்னஞ்சல் சேவையின் வைரஸ் சோதனை உள்ளே பார்க்க முடியாமல் போகத்தான். விண்டோஸ் 11-இல் கோப்புறையைத் திறந்து `View > Show > File name extensions` என்பதை இயக்கி வையுங்கள். இது இயங்காதபோது `Contract.pdf` என்று தெரிந்த கோப்பின் முழுப் பெயர் இப்படி இருக்கலாம்:

```
Contract.pdf.scr
```

கோப்பின் சின்னம் பிடிஎப் மாதிரி இருக்கும். ஆனால் .scr என்பது இயங்கும் நிரல். சில எம்பி ஜிப் விரித்ததும் 700 எம்பி ஆனால் சந்தேகமே வேண்டாம், அது மோசடிதான். வெற்றுத் தரவை நிரப்பி ஊதவைத்திருக்கிறார்கள். கோப்புகளில் வைரஸ் இருக்கிறதா என்று சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளம் 650 எம்பிக்கு மேல் ஏற்காது என்பது அவர்களுக்குத் தெரியும்.

அதை இருமுறை சொடுக்கினால் பிரவுசரில் இருக்கும் குக்கீகள் திருடப்படும். நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதற்கான அடையாளம் அதுதான் என்பதால், இரண்டாம் படிச் சரிபார்ப்பு இருந்தும் சேனல் கைமாறிவிடும். திறந்துவிட்டால் உடனே அந்தக் கணினியின் இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு சாதனத்தில் கூகுள் கடவுச்சொல்லை மாற்றி, "Your devices" பகுதியில் தெரியும் எல்லாச் சாதனங்களையும் வெளியேற்றுங்கள்.

நான் எப்போதும் கேட்பது ஒன்றுதான்: "நிபந்தனைகளை மின்னஞ்சலிலேயே எழுதி அனுப்புங்கள்." தம்பியும் அப்படிக் கேட்டார். கோப்பு விண்டோஸ் கணினியில்தான் திறக்கும் என்று பதில் வந்தது. அத்தோடு விட்டுவிட்டார்.

பின்சேர்க்கை: யூடியூப் பெயரில் பதிப்புரிமை எச்சரிக்கை, அதாவது ஸ்ட்ரைக், மின்னஞ்சலில் வந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இங்கே முகவரியைப் பார்த்தால் மட்டும் போதாது. யூடியூப்பில் தனிப்பட்ட வீடியோவைப் பகிரும் வசதியை மோசடிக்காரர்கள் பயன்படுத்தினால் `no-reply@youtube.com` என்ற உண்மையான முகவரியிலிருந்தே மோசடிச் செய்தி வரும். அதிலுள்ள இணைப்பைத் தொடாமல் யூடியூப் ஸ்டூடியோவை நீங்களாகத் திறங்கள். உண்மையான ஸ்ட்ரைக் என்றால் ஸ்டூடியோவின் முகப்பிலேயே தெரியும், எந்த வீடியோ, யார் முறையிட்டது என்பதோடு.