பதிந்திருப்பது வேறு, வேலை செய்வது வேறு: வருடாந்த ஜிமெயில் கணக்குச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் சுற்றுலாக் காலம் ஏப்ரல் அளவில் தொடங்கி செப்டம்பரோடு ஓய்ந்துவிடும். அறை வாடகைக்கு விடுபவர்களுக்கும், படகில் டொல்பின் பார்க்கக் கூட்டிப்போகிறவர்களுக்கும் முன்பதிவு, பணம் வந்த விபரம், பழைய விருந்தினரின் தொடர்பு எல்லாம் பெரும்பாலும் ஒரே ஒரு ஜிமெயில் கணக்கில்தான் கிடக்கின்றன. ஒக்டோபரில் மழை பிடித்ததும் கொஞ்சம் நேரம் கிடைக்கும். போன் தொலைந்தாலும் அந்தக் கணக்குக்குள் திரும்ப நுழைய முடியுமா என்று வருடத்துக்கு ஒருமுறை சோதித்துப் பார்க்க அதுவே வசதியான காலம்.

சோதிக்கிறோம் என்று பலர் செய்வது இதுதான்: myaccount.google.com போய், Security பக்கத்தைத் திறந்து, மீட்பு எண் இருக்கிறது, மீட்பு மின்னஞ்சல் இருக்கிறது, சரி என்று மூடிவிடுவது. இதைவிடப் பெரிய தவறு இதில் வேறு இல்லை. அந்தப் பக்கம் காட்டுவது நீங்கள் என்றோ எழுதிக் கொடுத்த தகவலை மட்டுமே. அந்த சிம் இன்று யார் கையில் இருக்கிறது, அந்த மின்னஞ்சல் பெட்டியை இன்னும் திறக்க முடியுமா என்பதெல்லாம் அந்தப் பக்கத்துக்குத் தெரியாது.

உப்புவெளியில் இரண்டு அறை வாடகைக்கு விடும் ஓர் அக்காவின் கணக்கை எடுத்துக்கொள்வோம். மகன் உள்ளூரில் இருந்த காலத்தில் திறந்து கொடுத்தது. மீட்பு எண் மகனுடையது. மீட்பு மின்னஞ்சல் மகன் படிக்கும்போது வைத்திருந்த யாகூ முகவரி. கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் இரண்டு படிச் சரிபார்ப்பும் போடப்பட்டிருந்தது. போன் கையில் இல்லாத நாளில் அந்த இரண்டாம் படியில் அடிப்பதற்கான காப்புக் குறியீடுகளும் எடுத்து வைக்கப்பட்டிருந்தன. Security பக்கத்தில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை.

“ஏன் தம்பி, எல்லாம் போன்ல திறந்துதானே கிடக்கு?” என்று கேட்டார். கிடந்ததுதான். ஆனால் மகன் கட்டாருக்குப் போன பிறகு அந்த சிம்முக்கு யாரும் ரீலோட் போடவில்லை. அந்த எண்ணுக்கு அழைத்துப் பார்த்தபோது முன்பின் தெரியாத ஒருவர் எடுத்தார். யாகூ முகவரியைத் திறந்து பல வருடம். பன்னிரண்டு மாதம் யாரும் நுழையாத பெட்டியை யாகூ முடக்கிவிடும். காப்புக் குறியீடுகளோ ஸ்கிரீன்ஷொட்டாக அதே கணக்கின் கூகுள் போட்டோஸில் இருந்தன. கணக்குக்குள் போனால்தான் குறியீடு கிடைக்கும், குறியீடு இருந்தால்தான் கணக்குக்குள் போகலாம். ஆக, மூன்று வழியும் பதிவில் இருந்தன, ஒன்றுகூட வேலை செய்யவில்லை. கையிலிருந்த போன் ஒன்றுதான் அந்தக் கணக்கைத் தாங்கிக்கொண்டிருந்தது. அது படகில் இருந்து தண்ணீருக்குள் விழுந்திருந்தால் அந்தப் பருவத்தின் முன்பதிவு முழுவதும் போயிருக்கும்.

போன் கேட்கும் ‘ஆம்’ என்பதோடு சோதனையை முடிப்பது

சோதனை என்றால் வெளியிலிருந்து உள்ளே வந்து பார்ப்பது. அதற்காகப் போனில் இருந்து வெளியேறிவிடக் கூடாது. திரும்ப உள்ளே வர முடியாவிட்டால் சோதனையே விபத்தாகிவிடும். குரோமில் Incognito ஜன்னல் ஒன்றைத் திறந்து, ஒரு புது ஆள் போல முகவரியையும் கடவுச்சொல்லையும் தட்டச்சு செய்யுங்கள். கடவுச்சொல் நினைவில் இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். போனிலேயே சேமித்திருப்பதால் வருடக்கணக்கில் அதை யாரும் கையால் அடிப்பதில்லை.

அடுத்து, இரண்டாம் படியில் கூகுள் அநேகமாக உங்கள் போனுக்கே ‘நீங்களா நுழைகிறீர்கள்?’ என்ற கேள்வியை அனுப்பும், இல்லாவிட்டால் கைவிரல் அடையாளம் கேட்கும். பலர் இங்கே ‘ஆம்’ என்று தட்டிவிட்டு எல்லாம் வேலை செய்கிறது என்று நினைக்கிறார்கள். அது காட்டுவது போன் வேலை செய்கிறது என்பதை மட்டும்தான். போன் இல்லாத நாளைக்குத்தானே இந்தச் சோதனை! எனவே Try another way என்பதைத் தட்டி, எஸ்.எம்.எஸ் வழியைத் தேர்ந்தெடுங்கள். எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் காட்டும். அது யாருடைய எண் என்று அங்கேயே நிதானமாகப் பாருங்கள். பிறகு G- என்று தொடங்கி ஆறு இலக்கம் வரும் குறியீடு உங்கள் கைக்கு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டாம். அதிக தடவை முயன்றால் கூகுள் அந்த வழியைக் கொஞ்ச நேரத்துக்குப் பூட்டிவிடும். அந்த சிம் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் வேறொரு போனில் இருந்து அழைத்துப் பாருங்கள்.

இரண்டு படிச் சரிபார்ப்பு போடாத கணக்கென்றால், அதே ஜன்னலில் Forgot password? என்பதைத் தட்டி, குறியீடு வந்து சேருகிறதா என்று பார்த்துவிட்டு ஜன்னலை மூடிவிடலாம். கடவுச்சொல்லை மாற்றத் தேவையில்லை.

ஒரு விஷயத்தில் எந்த விட்டுக்கொடுப்பும் வேண்டாம். நீங்கள் கேட்டு வந்த குறியீட்டை நீங்கள்தான் அடிக்க வேண்டும். நீங்கள் கேட்காமல் குறியீடு வந்தாலோ, யாராவது அழைத்து “தவறுதலாக உங்களுக்கு வந்துவிட்டது, சொல்லுங்கள்” என்றாலோ, சொல்லவே கூடாது.

ஒரு இடத்தில் எண்ணை மாற்றிவிட்டு மறு இடத்தை மறப்பது

கூகுள் கணக்கில் தொலைபேசி எண் இரண்டு இடத்தில் இருக்கலாம். Recovery phone என்பது ஒன்று. கடவுச்சொல் மறந்தால் மீட்க உதவுவது. 2-Step Verification பக்கத்துக்குள் இருக்கும் எண் இன்னொன்று. நுழையும்போது குறியீடு வாங்குவதற்கு. ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறும் என்று நம்ப வேண்டாம். அக்காவின் கணக்கில் மகனின் பழைய எண் இரண்டு இடத்திலும் இருந்தது, இரண்டையும் தனித்தனியாகத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

வேறொருவர் கைக்குப் போன எண் சும்மா பயனற்றது என்று நினைப்பதும் பிழை. அந்தக் குறியீடுகள் இப்போது அவர் போனுக்குப் போகும். பேஸ்புக் போல எண்ணை வைத்தே கணக்கைத் தேடவும் மீட்கவும் விடும் சேவைகளில் இது இன்னும் மோசம். எனவே கைவிட்டுப்போன எண்ணைக் கண்டால் ஜிமெயிலில் மட்டும் நிறுத்தாமல், பேஸ்புக்கிலும் முன்பதிவுத் தளங்களிலும் தேடி எடுத்துவிடுங்கள்.

ஆனால் பழையதை முதலில் அழித்துவிட்டுப் புதியதைப் போடப்போவது ஆபத்து. நாங்கள் செய்த வரிசை இது. அக்கா வழமையாகப் பயன்படுத்தும் அதே போனில், வீட்டு வைஃபையில் இருந்தபடி, முதலில் மீட்பு மின்னஞ்சலாக மகளின் முகவரியைப் போட்டோம். மகள் அந்தப் பெட்டியைத் தினமும் பார்ப்பவர், வந்த சரிபார்ப்புக் குறியீட்டை உடனே வாசித்துச் சொன்னார். பிறகு 2-Step Verification பக்கத்தில் அக்காவின் சொந்த எண்ணைச் சேர்த்து, Incognito ஜன்னலில் நுழைந்து, குறியீடு வந்து சேர்வதைக் கண்ட பிறகே மகனின் எண்ணை நீக்கினோம். கடைசியாக மீட்பு எண்ணை மாற்றினோம். எண்ணைப் போடும்போது நாடு இலங்கையா என்று பாருங்கள்: +94 என்றால் முன்னால் உள்ள பூச்சியம் வராது.

மீட்பு எண்ணையோ மின்னஞ்சலையோ மாற்றினாலும், ஏழு நாள் வரை பழையதற்குக் குறியீடு அனுப்பும் வழியைக் கூகுள் திறந்து வைத்திருக்கக்கூடும். யாராவது களவாக எண்ணை மாற்றிவிட்டால் உண்மையான சொந்தக்காரர் மீளட்டும் என்பதற்காக. அதனால் வெளிநாடு புறப்படுவதற்கு முதல் நாள் இந்த வேலையில் இறங்க வேண்டாம். ஒரு வாரமாவது முன்னதாகச் செய்யுங்கள்.

மீட்பு மின்னஞ்சலைத் தேர்ந்தெடுப்பதில் இன்னொரு வலை இருக்கிறது. பலர் தங்களுக்கே இரண்டு கணக்கு வைத்து, முதலாவதுக்கு இரண்டாவதையும் இரண்டாவதுக்கு முதலாவதையும் மீட்பாகப் போட்டுவிடுவார்கள். இரண்டுக்கும் எண் ஒன்று, போன் ஒன்று. போன் போனால் இரண்டும் ஒன்றாகப் போகும். ஒரு வழியாவது உங்கள் போனை நம்பாததாக இருக்க வேண்டும்: நம்பிக்கையான உறவினரின் பெட்டி, அல்லது கடதாசியில் எழுதிய குறியீடு. கணக்குத் திறந்து கொடுத்த கொமினிகேசன் கடைக்காரத் தம்பியின் முகவரி மீட்பு மின்னஞ்சலாக இருப்பதும் நம்மூரில் உண்டு. அவர் நல்லவராகவே இருக்கலாம். இருந்தாலும் அதை எடுத்துவிட வேண்டும். மீட்பு மின்னஞ்சலை வைத்திருப்பவர் கணக்கை எடுத்துக்கொள்ளவும் வழியிருக்கிறது.

காப்புக் குறியீட்டைத் தவறாக விளங்கிக்கொள்வது

கூகுள் ஒரு தடவையில் பத்துக் குறியீடு தரும், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம். ஒன்றை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். புதிய பத்தை எடுத்த உடனே பழைய பத்தும் செத்துவிடும். அதனால்தான் பலர் வீட்டில் பத்திரமாக வைத்திருக்கும் கடதாசி வெறும் கடதாசியாக இருக்கிறது: யாரோ ஒருநாள் புதிய பட்டியல் எடுத்திருப்பார்கள், பழையது உறையில் அப்படியே கிடக்கும்.

இன்னொன்று, இந்தக் குறியீடு கடவுச்சொல்லுக்குப் பதில் அல்ல. நுழையும்போது கடவுச்சொல் கேட்டு, அதற்குப் பிறகு வரும் இரண்டாம் படியில்தான் இதைக் கேட்கும். கடவுச்சொல்லை மறந்துவிட்டுக் குறியீட்டோடு மட்டும் இருந்தால் வாசலில்தான் நிற்க வேண்டி வரும்.

நான் சொல்வது, வருடத்துக்கு ஒருமுறை புதிய பத்தை எடுத்துவிடுங்கள். 2-Step Verification பக்கத்தில் Backup codes என்று இருக்கும். கையால், போல்பொயின்ற் பேனையால் எழுதுங்கள். கொமினிகேசனில் பிரிண்ட் எடுத்தால் கடைக் கணினியில் கோப்பு தங்கிவிடலாம். மேலே திகதியையும் எந்தக் கணக்கு என்பதையும் போடுங்கள். கடவுச்சொல்லை அதே தாளில் எழுத வேண்டாம். பிறகு Incognito ஜன்னலில், Try another way வழியாக, அதில் முதலாவது குறியீட்டை அடித்து உள்ளே போய்ப் பாருங்கள். போனால் அதைக் கோடு கிழித்துவிடுங்கள், மிச்சம் ஒன்பது. கையெழுத்தில் ஒன்றும் ஏழும் மாறிப்போயிருந்தால் இப்போதே பிடிபடும். பழைய தாளைக் கிழித்து எறியுங்கள், இரண்டும் ஒரே உறையில் இருந்தால் அவசரத்தில் எது எதென்று தெரியாது. புதிய தாளை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு காணி உறுதியும் அடையாள அட்டைப் பிரதியும் இருக்கும் கோப்பில் வைக்கலாம். மாரி மழைக்கு ஈரம் ஏறாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜிமெயில் முடிந்ததும் வட்ஸ்அப்பையும் ஒரு பார்வை பாருங்கள், ஏனென்றால் விருந்தினர் முதலில் எழுதுவது அங்கேதான். அதில் Two-step verification போட்டு ஆறு இலக்கப் பின் வைத்திருந்தால், பின் மறந்துபோனால் மீட்பதற்கு மின்னஞ்சல் சேர்க்கப்பட்டிருக்கிறதா, அது இன்னும் திறக்கிற முகவரியா என்று பாருங்கள். மின்னஞ்சல் இல்லாமல் பின்னையும் மறந்தால் புதுப் போனில் ஏழு நாள் காத்திருக்க வேண்டி வரும். ஓகஸ்ட் மாதத்தில் ஏழு நாள் விருந்தினருக்குப் பதில் சொல்லாமல் இருக்க உப்புவெளியில் யாருக்கும் கட்டாது.