காதுவலிக்குப் பின் வாய் கோணினால் செய்யக்கூடாத தவறுகள்

அவருக்கு 54 வயது. வீட்டிலேயே தையல் இயந்திரம் வைத்து ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். ஒரு திங்கட்கிழமை இடது காதுக்குள் குடைச்சல் தொடங்கியது. பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை இரண்டு சொட்டு விட்டுப் பஞ்சு அடைத்துக்கொண்டார். புதன்கிழமை காது மடலின் குழியில் சிறு கொப்புளங்கள் தெரிந்தன. பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்துவிட்டு “இது அக்கி” என்றார். காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்டு வந்தார்கள். வியாழன் காலை வாய் கொப்பளித்தபோது இடது கடைவாய் வழியாகத் தண்ணீர் ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால் முகம் வலப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. பக்கவாதம் என்று பயந்த மகன் பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துப் போனார். அங்கே தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்து, மூளையில் ஒன்றும் இல்லை என்று சொல்லி, வைட்டமின் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். காவி காய்ந்து உதிர்ந்த காதோடு அவர் என் முன்னால் வந்து உட்கார்ந்தது அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. முகம் கோணி எட்டு நாள் ஆகியிருந்தது.

இந்தக் கதையில் நோயைச் சரியாகச் சொன்னவர் அந்தப் பாட்டி ஒருவர்தான். அவர் சொன்ன அக்கிதான் அது. ஆனால் தோலில் வந்த அக்கி என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அது நரம்பில் வந்த அக்கி.

சிறுவயதில் சின்னம்மை வந்து போனபின், அந்த வைரஸ் உடலை விட்டு முழுதாகப் போவதில்லை. நரம்பு முடிச்சுகளுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கிறது. வயது, சர்க்கரை, வேறு நோய் என ஏதோ ஒன்றால் எதிர்ப்புச் சக்தி தளரும்போது விழித்துக்கொள்கிறது. முகத்தசைகளை இயக்குவது ஏழாவது மூளை நரம்பு. அது காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்புக்குள், சுமார் 3 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குறுகலான குழாய் வழியாக வெளியே வருகிறது. அந்தக் குழாயின் வளைவில் ஒரு நரம்பு முடிச்சு உண்டு. வைரஸ் அங்கே விழித்தால் முதலில் காதில் வலி, பிறகு கொப்புளம், பிறகு முகவாதம். நரம்பு வீங்குகிறது; சுற்றிலும் எலும்பு என்பதால் வீங்க இடமில்லை; தன் வீக்கத்திலேயே தான் நசுங்குகிறது. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராம்சே ஹன்ட் 1907-இல் இதை விவரித்தார். அவர் பெயரிலேயே இந்த நோய் அழைக்கப்படுகிறது.

காதுவலியோடு வரும் முகவாதம் எல்லாம் இதுவல்ல. தெளிவான காரணம் தெரியாமல் திடீரென்று வரும் பெல் முகவாதம்தான் அதிகம் காணப்படுவது. அதிலும் பலருக்குக் காதின் பின்புறம் ஒரு மந்தமான வலி ஒன்றிரண்டு நாள் முன்பே வரும். ஆனால் காதுக்குள் பார்த்தால் எல்லாம் சுத்தமாக இருக்கும். ராம்சே ஹன்டில் வலி எரிச்சலாக, ஆழமாக, தூங்கவிடாமல் இருக்கும். பக்கத்திலேயே ஓடும் செவி நரம்பையும் அது தொட்டுவிட்டால் காது மந்தம், இரைச்சல், தலைசுற்றல் சேர்ந்துகொள்ளும். தையல்கார அம்மாவுக்கு இரைச்சல் இருந்தது. எண்ணெய் போனதால் வந்த இரைச்சல் என்று அவர் நினைத்திருந்தார்.

ஆகவே முதல் தவறு, காதைப் பார்க்காமல் காதுக்குள் எதையாவது விடுவது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் உள்ளே போய்ச் சீழ் வைக்கும் என்பது ஒருபுறம். பார்க்க வேண்டிய கொப்புளத்தை எண்ணெயும் பஞ்சும் மறைத்துவிடும் என்பது அதைவிடப் பெரிய சங்கடம். முகம் கோணிய எவருக்கும் காது மடலின் குழி, காதுத் துவாரம், மேலண்ணம், நாக்கின் முன்பகுதி ஆகியவற்றை விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும். சில நேரம் கொப்புளம் முகவாதத்துக்கு நாலைந்து நாள் கழித்துத்தான் வரும். சிலருக்கு வராமலே போகும். முதல் நாள் காது சுத்தமாக இருந்தது என்பதற்காக மறுபடி பார்க்காமல் விட்டுவிடக் கூடாது.

இரண்டாவது தவறுதான் அந்த மருத்துவமனையில் நடந்தது. ஸ்கேன் நன்றாக இருந்ததால் ஒன்றுமில்லை என்று முடிவு செய்தார்கள். மூளையை எடுத்த படத்தில் காது எலும்புக்குள் வீங்கிய நரம்பு தெரியாது. அவர்கள் ஸ்கேனுக்கு முன் நெற்றியைப் பார்த்திருக்கலாம். “புருவத்தை மேலே தூக்குங்கள்” என்று சொன்னால் போதும். நெற்றிக்கு மூளையின் இரு பக்கங்களிலிருந்தும் கட்டளை வருகிறது. அதனால் பக்கவாதத்தில் வாய் கோணினாலும் நெற்றி பெரும்பாலும் சுருங்கும். நரம்பே அடிபட்டிருந்தால் அந்தப் பக்க நெற்றி வழவழவென்று நிற்கும், கண்ணும் மூடாது. நான் சொன்னபோது அவர் வலது புருவம் மட்டும் ஏறியது. இடது நெற்றியில் ஒரு கோடுகூட விழவில்லை.

இதை வைத்துக்கொண்டு வீட்டிலேயே தீர்ப்பு எழுத வேண்டாம். கை கால் தளர்வு, பேச்சுக் குழறல், பொருள்கள் இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்திருந்தால், நெற்றி சுருங்கினாலும் சுருங்காவிட்டாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

அடுத்து மருந்து. இங்கே கடிகாரம் ஓடுகிறது. முகம் கோணியதிலிருந்து 72 மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போனால் நரம்பு மீளும் வாய்ப்பு மிக அதிகம். ஒரு வாரம் தாண்டினால் அது வெகுவாகக் குறைகிறது. பெல் முகவாதத்தில் ஸ்டீராய்டுதான் முக்கிய மருந்து. வழக்கமாகத் தினம் 50 அல்லது 60 மில்லிகிராம் பிரெட்னிசொலோன், பத்து நாள். ராம்சே ஹன்டில் அதோடு வைரஸ் மருந்தும் சேர வேண்டும். அசைக்ளோவிர் என்றால் 800 மில்லிகிராம் ஒரு நாளைக்கு ஐந்து வேளை, குறைந்தது ஒரு வாரம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். மருந்துக்கடையில் அக்கி என்று சொல்லிக் கேட்டுக் களிம்பு வாங்கிப் பூசுபவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். களிம்பு தோலோடு நின்றுவிடும், எலும்புக்குள் இருக்கும் நரம்பை எட்டாது. காவியும் அப்படித்தான். அக்கி எழுதுவதில் எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை. எழுதியாகிவிட்டது, இனி தானாக ஆறிவிடும் என்று காத்திருக்கும் அந்த மூன்று நாளோடுதான் சண்டை.

ஸ்டீராய்டு என்றதும் சர்க்கரை நோயாளிகள் பின்வாங்குகிறார்கள். சர்க்கரை ஏறும் என்பது உண்மை. அதற்கு மருந்தை மறுப்பது வழியல்ல. அந்தப் பத்து நாளும் தினமும் சர்க்கரையைப் பார்த்து, தேவைப்பட்டால் இன்சுலின் போட்டுக்கொள்வதுதான் வழி.

ஆனால் சர்க்கரை நோயாளிகளில் இதற்கு நேர்மாறான ஒரு தவறும் நடக்கிறது, அது உயிருக்கே ஆபத்து. முகம் கோணியதும் காதைப் பார்க்காமல் பெல் முகவாதம் என்று ஸ்டீராய்டைக் கொடுத்துவிடுவது. நீண்ட நாள் சர்க்கரை உள்ள முதியவர், வாரக்கணக்காகக் காதுவலி, இரவில் கூடும் வலி, காதில் சீழ் என்று வந்தால் அது வேறு கதை. சூடோமோனஸ் என்ற பாக்டீரியா காதுத் துவாரத்தில் தொடங்கி மண்டையோட்டு எலும்பின் அடிப்பகுதிவரை அரித்துக்கொண்டு போகும். போகிற வழியில் ஏழாவது நரம்பு சிக்கும். காதுக்குள் விளக்கடித்தால் துவாரத்தின் தரைப்பகுதியில் சிவந்த சதைத் துளிர் ஒன்று தெரியும். அதற்கு வேண்டியது வாரக்கணக்கில், பெரும்பாலும் ஆறு வாரத்துக்கு மேல், ஆன்டிபயாடிக். ஸ்டீராய்டு அங்கே நெருப்புக்கு நெய். அந்த அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு என்று மகன் சொன்னதும் நான் முதலில் தேடியது அந்தச் சதைத் துளிரைத்தான். இல்லை, காய்ந்த கொப்புளப் பொருக்குகள் மட்டும் இருந்தன. எட்டு நாள் கடந்திருந்தாலும் இரண்டு மருந்துகளையும் தொடங்கினேன்.

பலரும் மறக்கும் உறுப்பு கண். வாய் கோணல் வெளியே தெரிகிறது, அதனால் எல்லாரும் வாயையே பார்க்கிறார்கள். மூடாத கண் ராத்திரி முழுதும் காய்ந்து கிடக்கிறது. காலையில் சிவப்பு, நாலு நாளில் கருவிழியில் புண், பிறகு நிரந்தரத் தழும்பு. பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை செயற்கைக் கண்ணீர் சொட்டு, இரவில் கண் களிம்பு போட்டு, இமையை விரலால் மூடி, மெல்லிய மருத்துவ ஒட்டுநாடாவால் ஒட்ட வேண்டும். கண் திறந்திருக்க அதன்மேல் பஞ்சை வைத்துக் கட்டுவது இன்னொரு தவறு, பஞ்சு கருவிழியில் உரசும். வெளியே போகும்போது கண்ணாடி போட்டுக்கொள்வது போதும். கண்ணில் வலியோ மங்கலோ வந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

கடைசியாக, அவசரம். மருந்து முடிந்தும் வாய் நேராகவில்லை என்றதும் கரண்ட் வைக்கும் இடத்தைத் தேடுகிறார்கள். நாள் முழுதும் பபிள்கம் மெல்லச் சொல்பவர்களும் உண்டு. மெல்லும் தசை ஏழாவது நரம்பின் பொறுப்பே அல்ல. அது ஐந்தாவது நரம்பின் வேலை, அதனால் எவ்வளவு மென்றாலும் முகத்துக்குப் பலனில்லை. மின்தூண்டலால் பலன் உண்டு என்று நிரூபணமாகவில்லை. தசைகள் தாறுமாறாக இணைந்து இயங்கும் சிக்கலை அது கூட்டக்கூடும் என்பதால் நான் அனுப்புவதில்லை. அறுந்த நரம்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளர்கிறது. லேசான பாதிப்பு மூன்று வாரத்தில் அசையத் தொடங்கும். பலமான பாதிப்புக்கு மாதங்கள் ஆகும். கண்ணாடி முன் அமர்ந்து ஒவ்வொரு தசையாக மெதுவாக அசைத்துப் பழகுவது நல்லது. முழு பலத்தோடு முகத்தைச் சுளிப்பது வேண்டாம். நாலு மாதமாகியும் துளிகூட அசைவில்லை என்றால், அல்லது முகம் திடீரென்று கோணாமல் வாரக்கணக்கில் மெல்ல மெல்லத் தளர்ந்தது என்றால், நரம்பின் பாதையில் கட்டி இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. பார்த்தாக வேண்டும்.

தையல்கார அம்மாவின் கன்னம் மூன்றாம் மாதம் அசைந்தது. ஆறாம் மாதம் கண் முழுதாக மூடியது. ஆனால் நரம்பிழைகள் சில வழி மாறி வளர்ந்துவிட்டன. ஊசியில் நூல் கோர்க்க அவர் இடது கண்ணைச் சுருக்கும்போதெல்லாம் இடது கடைவாயும் சேர்ந்து மேலே இழுக்கிறது. சாப்பிட உட்கார்ந்தால் இடது கண்ணில் நீர் வழிகிறது. காரம் அதிகமா என்று மருமகள் முதலில் பயந்தாராம். இப்போது யாரும் கேட்பதில்லை. தட்டின் பக்கத்தில் ஒரு கைக்குட்டையையும் மடித்து வைத்துவிடுகிறார்கள்.