ஒரே ஷாட்டை ரெண்டு கேமரா போலக் காட்டும்போது குட்டு எங்கே உடைகிறது

போன மாதம் நண்பர் ஒருவர் வருமான வரி பற்றிப் பேசி எடுத்த வீடியோவை அனுப்பி, எப்படி இருக்கு என்று கேட்டார். ட்ரைபாடில் ஒரே போன், மார்பளவுக்கு ஒரே ஷாட், முழுக்க அதுதான். இரண்டாவது கேமரா இல்லாத குறை தெரியாமலிருக்க அங்கங்கே 110 சதவீதத்துக்குப் பெரிதாக்கி வெட்டியிருந்தார். பார்த்தால் படத்துக்கு விக்கல் வந்த மாதிரி இருந்தது.

முதல் தப்பு அந்த 110 தான். நிறையப் பேர் பயந்து பயந்து கொஞ்சமாகப் பெரிதாக்குகிறார்கள். ஆனால் மாற்றம் சின்னதாக இருந்தால் பார்ப்பவருக்கு அது வேறு ஷாட் என்று தோன்றாது, ஏதோ உதறியது என்றுதான் தோன்றும். இப்படிப் பெரிதாக்கி நெருங்குகிற பஞ்ச்-இன் செய்கிறோம் என்றால் துணிந்து செய்ய வேண்டும்: குறைந்தது 130, நான் வழக்கமாக வைப்பது 150. மார்பளவு ஷாட் முகத்தை நெருங்கிய ஷாட்டாக மாறினால்தான் கண் அதை இன்னொரு கேமரா என்று ஒப்புக்கொள்ளும்.

சரி, 150 வைத்தாயிற்று, இன்னும் உறுத்துகிறதா? கண்ணைப் பாருங்கள். பேசுபவரின் கண்ணைத்தான் சொல்கிறேன். பிரீமியர் போன்ற எடிட்டிங் மென்பொருளில் Scale எண்ணை ஏற்றினால் படம் ஃபிரேமின் நடுப்புள்ளியிலிருந்து விரியும், ஆனால் முகம் நடுவில் இருப்பதில்லை, மேலே இருக்கிறது, அதனால் அது இன்னும் மேலே ஓடிவிடும். நண்பரின் வீடியோவையே எடுத்துக்கொள்வோம். 1080 பிக்சல் உயர ஃபிரேமில் அவர் கண்கள் மேலிருந்து 360-ல், உச்சந்தலை 180-ல். நடு என்பது 540. கண் நடுவிலிருந்து 180 மேலே இருக்கிறது, ஒன்றரை மடங்கானால் அது 270 ஆகிவிடும், அதாவது கண் 270-க்கு ஏறிவிடுகிறது. உச்சந்தலையோ ஃபிரேமின் மேல் விளிம்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. பிரீமியரில் Position-இன் இரண்டாவது எண்ணை 540-இலிருந்து 630 ஆக்கினால் போதும், 90 பிக்சல் இறங்கிக் கண்கள் பழையபடி 360-க்கே வந்துவிடும், தலைக்கு மேலேயும் 90 பிக்சல் இடம் கிடைக்கும். பார்ப்பவர் பார்த்துக்கொண்டிருப்பது கண்களைத்தான். அவை இருந்த இடத்திலேயே இருந்தால் சுற்றி இருப்பது பெரிதானதை அவர் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார். பேசுபவர் ஓரமாக உட்கார்ந்திருந்தால் இதே கணக்கு பக்கவாட்டிலும் உண்டு. நடுவில் எதையாவது வெட்டி எடுத்து அதற்குள் அவர் சாய்ந்துவிட்டிருந்தால், அந்த இடத்துக்கு மட்டும் தனியாகச் சரிசெய்யுங்கள், ஒரே எண்ணை எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொண்டே போகாதீர்கள்.

அடுத்தது தெளிவு. 1080-ல் எடுத்து 1080-லேயே வெளியிடுவதானால் 150 தாங்காது. முந்தைய ஷாட் பளிச்சென்று இருந்துவிட்டு அடுத்தது மங்கினால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். 4K-வில் எடுத்து 1080-ல் வெளியிட்டால் கணக்குப்படி இரண்டு மடங்கு வரை இடம் இருக்கிறது. இங்கேதான் நண்பர் இன்னொரு குழியில் விழுந்திருந்தார்: 4K-வில்தான் எடுத்திருந்தார், ஆனால் கிளிப்பைக் டைம்லைனில் போட்டதும் Scale to Frame Size கொடுத்துவிட்டார். அது படத்தை முதலிலேயே 1080-க்குச் சுருக்கிவிடும், அப்புறம் பெரிதாக்கினால் சுருங்கியதைத்தான் பெரிதாக்குகிறீர்கள். Set to Frame Size கொடுத்திருந்தால் Scale 50 என்று காட்டும், முழு பிக்சலும் கையில் இருக்கும், 150 வேண்டுமென்றால் 75 என்று வைக்க வேண்டியதுதான்.

4K இருந்தும் சில சமயம் காப்பாற்றாது. ஃபோகஸ் முகத்தில் இல்லாமல் பின்னாலிருக்கும் காலண்டரில் விழுந்திருந்தால் போனின் சின்னத் திரையில் தெரியாது, பெரிதாக்கும்போது காலண்டரில் தேதி படிக்கலாம், முகம் மங்கலாக இருக்கும். ட்யூப்லைட் வெளிச்சம் போதாமல் வந்த புள்ளிப்புள்ளிகளும் கூடவே ஒன்றரை மடங்காகும். முழுதாகப் பேசத் தொடங்குவதற்கு முன் பத்து நொடி எடுத்து, முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.

எங்கே வெட்டுவது? ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உள்ளே வெளியே என்று போய் வருவது இப்போது ஒரு வியாதி மாதிரி பரவியிருக்கிறது. எனக்குப் பிடிப்பது, விஷயத்தை விளக்கும்போது அகல ஷாட், "ஆனா இதைச் செய்யலைன்னா அபராதம்" என்று குரல் இறங்கும் இடத்தில் நெருக்கம், அந்தப் பேச்சு முடியும்வரை அங்கேயே இருப்பது. நடுவில் தடுமாறியதை வெட்டிய இடங்களும் இந்த மாற்றத்துக்குள் மறைந்துவிடும்.

ஒன்று மட்டும் நடக்காது: கேமரா அதே இடத்தில் இருந்ததால் கோணம் மாறாது, மூக்கும் காதும் பின்சுவரும் ஒன்றுக்கொன்று இருந்தபடியேதான் இருக்கும். அதற்காகப் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டுப் பக்கவாட்டுக் கோணம் என்று காட்டப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். சட்டைப்பை வலது பக்கம் போய்விடும், காலண்டரில் சாமி பெயர் கண்ணாடியில் தெரிவதுபோல் வலமிருந்து இடமாக ஓடும்.