மூவாயிரம் ரூபாய்க்கு விற்ற கிரைண்டர்: கையில் வந்தது எவ்வளவு?

பெருந்துறையில் இருக்கும் என் சித்தி, ஏழு வருடம் பழகிய இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டரை இணையத்தில் விற்றார். விலை 3,000 ரூபாய், டெலிவரி இலவசம் என்று போட்டிருந்தார். மதுரையில் ஒருவர் வாங்கிக்கொண்டார். பத்து நாள் கழித்து வங்கிக் கணக்கில் விழுந்த தொகை 2,079 ரூபாய் 60 காசு. சித்தி என்னை அழைத்து, "கண்ணு, மிச்சப் பணத்தை யார் எடுத்துக்கொண்டார்கள்?" என்று கேட்டார். பெட்டிக்கும் தெர்மாகோலுக்கும் அவர் கையிலிருந்து கொடுத்த 140 ரூபாயையும் கழித்தால், உண்மையில் கிடைத்தது 1,939 ரூபாய் 60 காசுதான்.

இத்தனைக்கும் அதே தெருவில் ஒருவர் 2,200 ரூபாய் தருகிறேன், நானே வந்து தூக்கிக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கிறார். "மூவாயிரம் எங்கே, இரண்டாயிரத்து இருநூறு எங்கே" என்று சித்தி மறுத்துவிட்டார். விளம்பரத்தில் எழுதும் விலையையும் கையில் வரும் தொகையையும் ஒன்றென்று நினைத்தால் இப்படித்தான் ஆகும். அந்தக் கிரைண்டரின் கணக்கையே எடுத்துக்கொண்டு, விற்பதற்கு முன்பே நிகரத் தொகையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பார்க்கலாம். இதில் வரும் கட்டண விகிதங்கள் சித்திக்குப் போடப்பட்டவை. உங்கள் தளத்தின் கட்டணப் பக்கத்தில் உள்ள எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: பெட்டியில் கட்டிய பிறகு அளந்து பாருங்கள்

பலரும் தளத்தின் கமிஷனிலிருந்து கணக்கைத் தொடங்குகிறார்கள். நான் கூரியரிலிருந்து தொடங்கச் சொல்வேன். அதிகப் பணம் போவதும் அங்கேதான், ஏமாறுவதும் அங்கேதான்.

கூரியர் நிறுவனங்கள் பொருளைத் தராசில் வைத்து மட்டும் காசு கேட்பதில்லை. வண்டியில் அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்றும் பார்க்கிறார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுத்தால் வரும் எண்ணைக் கிலோவாக எடுத்துக்கொள்வார்கள். வால்யூம் வெயிட் என்று அவர்கள் சொல்வது இதைத்தான். சில நிறுவனங்கள் 5000க்குப் பதில் 4000 அல்லது 4500 ஆல் வகுக்கும். வகுக்கும் எண் சிறியதாக இருந்தால் கட்டணம் கூடும் என்பதால் முதலிலேயே கேட்டுவிடுங்கள். தராசு எடை, வால்யூம் எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம்.

சித்தியின் கிரைண்டர் கட்டிய பிறகு 12 கிலோ இருந்தது. பெட்டி 45 × 40 × 40. பெருக்கினால் 72,000, 5000 ஆல் வகுத்தால் 14.4. அடுத்த முழுக் கிலோவுக்கு ஏற்றி 15 கிலோ என்று போட்டார்கள். கிலோவுக்கு 32 ரூபாய் வீதம் 480, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 86.40, ஆக மொத்தம் 566 ரூபாய் 40 காசு. சித்தி மனதில் வைத்திருந்ததோ 12 கிலோவுக்கு 384 ரூபாய். ஜிஎஸ்டியையும் அவர் சேர்க்கவில்லை, வெறும் காற்றுக்கான 3 கிலோவையும் சேர்க்கவில்லை.

பெட்டி ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது? உருளைக் கற்களைச் சட்டத்தோடு வெளியே எடுத்துத் தனியாக ஓர் ஓரத்தில் வைத்திருந்தார். அவற்றைத் துணியில் இறுகச் சுற்றி, பாத்திரத்துக்குள்ளேயே வைத்து, ஆடாதபடி செய்தித்தாளைத் திணித்திருந்தால் 40 × 38 × 36 பெட்டியே போதும். அதன் வால்யூம் எடை 11 கிலோவுக்குள் அடங்கிவிடும். அப்போது தராசு எடையான 12 கிலோவுக்குத்தான் கட்டணம், ஜிஎஸ்டியோடு 453 ரூபாய் 12 காசு. பெட்டியைச் சுருக்கியதில் மட்டும் 113 ரூபாய் மிச்சமாகியிருக்கும். ஆனால் கற்களைச் சுற்றாமல் பாத்திரத்துக்குள் அப்படியே போடக்கூடாது. வழியில் இடித்துக்கொண்டு கல்லின் ஓரம் உடையும். வாங்கியவர் திருப்பி அனுப்பினால் மிச்சம் பிடித்ததும் சேர்ந்து போகும்.

வீட்டில் பெரிய தராசு இல்லாவிட்டால், உடல் எடை பார்க்கும் கருவியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவையும், வெறுங்கையோடு ஒரு தடவையும் ஏறி நின்று கழித்துப் பாருங்கள். அளவு நாடாவை பெட்டி அதிகமாகப் புடைத்திருக்கும் இடத்தில் வையுங்கள். கூரியர் கிடங்கில் இயந்திரமும் அங்கேதான் அளக்கும்.

படி 2: இரண்டு கட்டணங்கள், இரண்டுக்கும் ஜிஎஸ்டி

தளம் விற்பனை விலையில் 8 சதவீதம் எடுத்தது. அது 240 ரூபாய். வாங்கியவர் செலுத்திய பணத்தை வாங்கி உங்கள் கணக்குக்கு அனுப்புவதற்கு 2 சதவீதம், அதாவது 60 ரூபாய். இரண்டும் சேர்ந்து 300. பத்து சதவீதம்தானே என்று இங்கே நின்றுவிடக்கூடாது. இந்த 300 ரூபாய் அவர்கள் உங்களுக்குச் செய்த சேவைக்கான கட்டணம் என்பதால் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 54 ரூபாய் சேரும். பிடித்தம் 354 ரூபாய். பத்து சதவீதம் என்று விளம்பரத்தில் இருப்பது உங்கள் கணக்கில் 11.8 சதவீதம். பழைய வீட்டுப் பொருளை விற்கும் தனிநபருக்கு இந்த ஜிஎஸ்டியைத் திரும்பப் பெற வழியில்லை. வியாபாரிகள் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்வார்கள், நமக்கு அது செலவுதான்.

படி 3: கழித்துப் பாருங்கள்

3,000 ரூபாயிலிருந்து 354 போனால் 2,646. கூரியர் 566.40 போனால் 2,079.60. பெட்டி, தெர்மாகோல், டேப் எல்லாம் 140. மிச்சம் 1,939.60. விரிதாளில் செய்வதென்றால் B1 இல் விலை, B2 இல் வாங்குபவரிடம் தனியாகக் கேட்கும் டெலிவரித் தொகை, B3 இல் தளக் கட்டணம், B4 இல் பணப் பரிமாற்றக் கட்டணம், B5 இல் ஜிஎஸ்டி சேர்க்காத கூரியர் தொகை, B6 இல் பெட்டிச் செலவு என்று எழுதிவிட்டு இதைப் போடுங்கள்:

```
=B1+B2-((B1+B2)*(B3+B4)+B5)*1.18-B6
```

சித்தியின் எண்கள் 3000, 0, 8%, 2%, 480, 140. விடை 1939.6 வந்தால் சூத்திரத்தைச் சரியாக எழுதியிருக்கிறீர்கள்.

டெலிவரியை இலவசமாக்காமல் வாங்குபவரிடம் கேட்டால் தப்பிக்கலாமே என்று தோன்றும். முழுதாகத் தப்பிக்க முடியாது. பல தளங்களில் கட்டணம் வாங்குபவர் செலுத்தும் மொத்தத் தொகைக்கும் போடப்படுகிறது, டெலிவரித் தொகையும் அதில் அடங்கும். மேலே உள்ள சூத்திரமும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 566.40 ரூபாயை அப்படியே வாங்கினால் அதிலும் 11.8 சதவீதம், அதாவது ஏறத்தாழ 67 ரூபாய் குறையும். கூரியர் செலவு முழுதாகத் திரும்ப வர 642 ரூபாய் கேட்க வேண்டும்.

படி 4: கணக்கைத் திருப்பிப் போடுங்கள்

இதுதான் விலை எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியது. தெருக்காரர் தர நினைத்த 2,200 ரூபாயாவது கையில் வர வேண்டுமென்றால் எவ்வளவு விலை வைக்க வேண்டும்? முதலில் 2,200, கூரியர் 566.40, பெட்டி 140 மூன்றையும் கூட்டுங்கள். 2,906.40. பிறகு பலரும் இதன் மேல் 11.8 சதவீதத்தைக் கூட்டி 3,249 ரூபாய் என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. கட்டணம் 2,906 ரூபாய்க்குப் போடப்படுவதில்லை, நீங்கள் எழுதும் முழு விலைக்கும் போடப்படுகிறது. ஆகவே கூட்டாமல் வகுக்க வேண்டும்:

```
=(2200+B5*1.18+B6)/(1-(B3+B4)*1.18)
```

2,906.40 ஐ 0.882 ஆல் வகுத்தால் 3,295 ரூபாய். 3,300 என்று வைத்தால் கையில் 2,204 வரும். 3,249 வைத்திருந்தால் 2,160க்குள் நின்றுவிடும். ஏழு வருடக் கிரைண்டருக்கு 3,300 கொடுக்க ஆள் இருக்கிறாரா என்பது அடுத்த கேள்வி. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டுதான், ஆனால் பழைய கிரைண்டரை வாங்குகிறவர் குறியீட்டைப் பார்ப்பதில்லை, கல் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்.

எடை கூடிய பொருளுக்கு எங்கள் பக்கம் இன்னொரு வழி பழக்கத்தில் உண்டு. ஈரோட்டிலும் திருப்பூரிலும் ஜவுளிக்காரர்கள் அன்றாடம் செய்வதுபோல லாரி பார்சல் ஆபீஸில் 'டு-பே' என்று புக் செய்தால், வாங்குபவர் தன் ஊர் கிடங்கில் வாடகையைக் கட்டி எடுத்துக்கொள்வார். தளத்தின் கணக்கில் அந்தப் பணம் வராது, கட்டணமும் அதன் மேல் விழாது. தளமே அனுப்பும் முறையைத் தீர்மானிக்கும் இடங்களில் இது நடக்காது.

படி 5: பணம் வந்த பிறகும் ஒரு தடவை பாருங்கள்

கிடங்கில் மறுபடி அளந்து எடை கூடுதலென்று தெரிந்தால், வித்தியாசத்தைப் பிறகு பிடித்துக்கொள்வார்கள். கணக்கு அறிக்கையில் அது தனி வரியாக வரும். பார்சல் போன தேதியோடு பொருத்திப் பார்த்தால்தான் கண்ணில் படும். அனுப்புமுன் தராசு எண் தெரியும்படி ஒரு படமும், மூன்று பக்கமும் அளவு நாடா வைத்து மூன்று படமும் எடுத்து வைத்தால், தவறான அளவென்று புகார் கொடுக்கக் கையில் ஆதாரம் இருக்கும்.

பொருள் கைக்கு வந்தபின் பணம் என்ற முறையில், வாங்குபவர் கதவைத் திறக்காவிட்டால் பார்சல் திரும்பி வரும். திரும்பும் கட்டணமும் விற்றவர் தலையில் விழுந்தால், சித்திக்கு இரண்டு முறை 566.40, பெட்டிக்கு 140, ஆக 1,272.80 ரூபாய் நஷ்டம். கிரைண்டர் முழுசாக வந்தால் அது மட்டும் மிஞ்சும். முன்பணம் செலுத்துபவருக்கு மட்டுமே என்று விளம்பரத்தில் போட்டுவிட்டால் இந்த அபாயம் பெரிதும் குறையும்.

நேரில் வந்து வாங்குபவர் யுபிஐயில் அனுப்பினால் கட்டணமே இல்லை, முழுத் தொகையும் வரும். அப்போது, பணம் அனுப்புகிறேன், இந்த கியூஆர் படத்தை ஸ்கேன் செய்து யுபிஐ பின் எண்ணைப் போடுங்கள் என்று எவராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்க யுபிஐ பின் எண் தேவையே இல்லை. போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும்.

போன வாரம் சித்தி ஒரு ஸ்டாண்டு மின்விசிறியை விற்க நினைத்தார். 900 ரூபாய் விலை. கழற்றிக் கட்டினால் 7 கிலோ, ஆனால் பெட்டி 60 × 50 × 25, அதாவது மறுபடியும் 15 கிலோ. பெட்டிச் செலவு 100. அவரே விரிதாளில் எண்களைப் போட்டார். விடை 127 ரூபாய் 40 காசு என்று வந்தது. மின்விசிறியை எதிர்வீட்டுக்கு 600 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார்.