மென்டர் கூட மாசாந்திர போன் கால் இனி வேண்டாம்னு தோணுதா? கேன்சல் பண்ணிட்டே இருக்காதீங்க

ஏற்கனவே ஃபிக்ஸ் ஆன அடுத்த போன் காலையே கடைசி காலா ஆக்கிடுங்க, ரெண்டு நாள் முன்னாடியே மெசேஜ்ல சொல்லிடுங்க: "சார், இன்டர்வியூவுக்கு ரெடியாகத்தான் உங்ககிட்ட வந்தேன், வேலையும் கிடைச்சிருச்சு, இந்த வாரம் பேசுறதோட மாசாமாசம் பேசுறத நிறுத்திக்கலாமா, ஏதாவது பெரிய முடிவுன்னா மட்டும் உங்கள கேக்குறேன்."

சும்மா "பிஸி சார்"னு தள்ளிப்போட்டா அவர் தான் ஏதோ தப்பா சொல்லிட்டோமோன்னு நினைப்பார், ஆனா எதுக்கு வந்தீங்களோ அது முடிஞ்சதுன்னு சொன்னா அது அவரோட வெற்றியாவும் தெரியும், அவரோட ஒரு மணி நேரமும் மிச்சம். கால்ல "நல்லா கைடு பண்ணீங்க"ன்னு மொட்டையா சொல்லாம, அவர் சொல்லி நீங்க மாத்துன ஒரு விஷயத்த சொல்லுங்க, ரெஸ்யூமேல ப்ராஜெக்ட மேல கொண்டு வந்த மாதிரி. மூணு மாசம் கழிச்சு எப்படி போகுதுன்னு ரெண்டு வரி போடுங்க, அதுல எந்த உதவியும் கேக்காதீங்க, உறவு நிக்கிறது இதுலதான்.

கம்பெனி ப்ரோக்ராம் மூலமா வந்த மென்டர்னா அத நடத்துறவங்ககிட்டயும் சொல்லணும். மட்டம் தட்டுறவர், எல்லை மீறுறவர்னா இதெல்லாம் வேண்டாம், ஒரு வரில முடிச்சிட்டு விலகிடுங்க.