மாதம் 14.99 டாலர்: நான் சேராத கிளப்

அமெரிக்காவில் என் கார்டு பில்லில் இரண்டு மாதமாக 14.99 டாலர், பக்கத்தில் ஏதோ சேவர்ஸ் கிளப் பெயரும் ஒரு 800 நம்பரும். யோசித்தால், ஏதோ வாங்கும்போது போனில் பேசிய பெண் "30 நாள் இலவசம்" என்றாள், நானும் சரி சரி என்றிருக்கிறேன்.

அந்த நம்பருக்கு அடித்து ரத்து செய்தேன், ரத்து எண்ணையும் குறித்துக்கொண்டேன். பணத்தைத் திருப்பித் தர மறுத்தார்கள். இலவசத்தில் தொடங்கி வசூலுக்குப் போகும் இந்த மாதிரி விற்பனையில், கார்டு விவரம் முன்பே அவர்கள் கையில் இருந்தால்கூட, கடைசி நான்கு இலக்கத்தை என் வாயால் சொல்ல வைத்து முழுப் பேச்சையும் பதிவு செய்திருக்க வேண்டும். அதைப் போடுங்கள் என்றேன். இல்லை போல, ஒரு மாதப் பணம் வந்தது.

மீதிக்கு வங்கிக்குக் கடிதம். முதல் பில் அனுப்பிய 60 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும், அதுவும் பணம் கட்டும் முகவரிக்கு இல்லை, பில் தகராறுக்கென்று தனியாக அச்சிட்ட முகவரிக்கு. அடுத்த பில்லில் கழித்துவிட்டார்கள்.